புதுசு உள்ளே, பழசு கையிலே: விளம்பர வாசகத்தைப் பேச்சு வரியாக மாற்றுவது

கேள்வி: வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் சேவை நடத்துகிறோம். ‘நேர்மை, தரம், வாடிக்கையாளர் திருப்தியே எங்கள் இலக்கு’ என்று வாசகம் வைத்திருக்கிறோம். யாருக்கும் அது நினைவில் நிற்பதில்லை. ஜனங்கள் தாங்களே வாய்விட்டுச் சொல்கிற மாதிரி சின்ன வரியாக எப்படி மாற்றுவது? எங்கள் முறை இதுதான்: பழுது என்ன, எவ்வளவு ஆகும் என்று சொல்லி, அவர்கள் சரி என்ற பிறகுதான் பாகத்தை மாற்றுவோம். கழற்றிய பழைய பாகத்தை அவர்களிடமே கொடுத்துவிடுவோம்.

பதில்:

உங்களுக்கு வேண்டிய சரக்கு வாசகத்தில் இல்லை. கேள்வியின் கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. வாசகத்தை எடுத்து வைத்துக்கொண்டு வெட்டிச் சுருக்கினால் ‘நேர்மையே இலக்கு’ என்று நீளம் குறையும். ஆனால் அதையும் யாரும் சொல்லப் போவதில்லை. ஆகவே அதைத் திருத்த வேண்டாம், ஓரமாக வைத்துவிடுங்கள்.

அது ஏன் வாயில் வருவதில்லை என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு வீட்டில் மெஷின் நின்றுபோகிறது. பக்கத்து வீட்டுக்காரர் கேட்கிறார்: “நீங்க கூப்பிட்டீங்களே, அவங்க எப்படி?” இதற்கு “வாடிக்கையாளர் திருப்தியே அவங்க இலக்கு” என்று பதில் சொல்கிற மனிதர் உலகத்தில் இல்லை. “எவ்வளவு ஆகும்னு முதல்லயே சொல்லிட்டாங்க” என்பார். “கழட்டின பாகத்தைக் கையில குடுத்துட்டுப் போனாங்க” என்பார். பேச்சு வரி என்பது இதுதான். அதில் பேசுகிறவர் ஒருவர் இருக்கிறார், கேட்கிறவர் ஒருவர் இருக்கிறார், பேச வேண்டிய ஒரு தருணம் இருக்கிறது. நிறுவனம் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் வாக்கியத்தில் இந்த மூன்றுமே கிடையாது. வரி எழுதும்போதெல்லாம் இந்தப் பக்கத்து வீட்டுக் கேள்வியை முன்னால் வைத்து, பதிலாக உங்கள் வரியைப் பொருத்திப் பாருங்கள். பாதிக் குப்பை அங்கேயே உதிர்ந்துவிடும்.

இன்னொரு சோதனையும் உண்டு. வாசகத்தைத் தலைகீழாக்கிப் பாருங்கள். ‘தரமில்லாமையே எங்கள் இலக்கு’ என்று எந்தப் போட்டியாளராவது போடுவாரா? மாட்டார். எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிற விஷயத்தைச் சொன்னால், அதில் தகவல் ஏதும் இல்லை என்று பொருள். ‘பழைய பாகத்தைக் கையில் கொடுப்போம்’ என்பதைத் தலைகீழாக்கினால் ‘பழைய பாகத்தை நாங்களே எடுத்துக்கொண்டு போவோம்’ என்று வருகிறது. பலர் உண்மையில் அப்படித்தான் செய்கிறார்கள். அதனால்தான் உங்கள் வாக்கியத்துக்கு எடை இருக்கிறது.

முதல் வேலை, ஒவ்வொரு பெருஞ்சொல்லின் அடியிலும் என்ன செயல் இருக்கிறது என்று தோண்டுவது. ஒரு தாளில் இடப்பக்கம் நேர்மை, தரம், திருப்தி என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, உங்கள் ஆள் ஒரு வீட்டில் கையால் செய்வதோ வாயால் சொல்வதோ எதுவென்று எழுதுங்கள். வீடியோ எடுத்தால் அதில் தெரிகிற விஷயமாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் விதி. நேர்மைக்கு எதிரே இரண்டு செயல்கள் உங்களிடம் ஏற்கனவே இருக்கின்றன: முன்கூட்டித் தொகை சொல்வது, பழைய பாகத்தைக் கொடுப்பது. தரத்துக்கு எதிரே எழுத ஒன்றும் வரவில்லை என்றால் அந்தச் சொல்லை விட்டுவிடுங்கள். திருப்தி என்பது வாடிக்கையாளர் மனதில் நடப்பது. அதை நீங்கள் சொல்லிக்கொள்ளவே முடியாது.

2001-ல் ஆப்பிளின் ஐபாட் என்ற பாட்டுக் கருவி வந்தபோது அதன் உள்ளே இருந்தது 5 ஜிபி வட்டு. ‘இணையற்ற சேமிப்புத் திறன்’ என்று எழுதியிருக்கலாம். ஆப்பிள் சொன்னது, ஆயிரம் பாட்டு உங்கள் பாக்கெட்டில் என்று. ஜிபி கணக்கு புரியாதவர்கூட அதை அடுத்தவரிடம் சொல்லிவிடலாம். அந்தப் பெட்டி என்ன செய்கிறதோ அதையே ஒருவர் இன்னொருவரிடம் சொல்லும் விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இரண்டாவது வேலை தருணம் தேடுவது. என் பார்வையில் பெரும்பாலானவர்கள் தவறவிடும் இடம் இது. செயல் கிடைத்ததும் நேரே சொல்லடுக்கப் போய்விடுவார்கள். யார், எப்போது, யாரிடம் சொல்வார் என்பதை முடிவு செய்யாமல் எழுதினால் ‘முன்கூட்டியே கட்டணம் தெரிவிக்கப்படும்’ என்ற அறிவிப்புப் பலகைதான் மிஞ்சும்.

தருணத்தைப் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு தெளிவான எடுத்துக்காட்டு இருக்கிறது. 1980-களில் அங்கே பால் விளம்பரம், பால் உடம்புக்கு நல்லது என்ற பொருளில் ஓடிக்கொண்டிருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை, யாரும் திருப்பிச் சொல்லவும் இல்லை. 1993-ல் கலிபோர்னியா பால் பதப்படுத்துவோர் வாரியத்துக்காகக் குட்பி சில்வர்ஸ்டீன் என்ற விளம்பர நிறுவனம் அதை ‘காட் மில்க்?’ என்று மாற்றியது. ‘பால் இருக்கா?’ அவ்வளவுதான். முதல் விளம்பரத்தில் ஒருவர் வாய் நிறைய வேர்க்கடலை வெண்ணெய் பூசிய ரொட்டியோடு இருக்கிறார். வானொலியிலிருந்து பரிசுக் கேள்வியோடு தொலைபேசி வருகிறது. விடை அவருக்கு அத்துப்படி. ஆனால் வாய் திறக்கவில்லை, விழுங்கப் பால் இல்லை, பரிசு போய்விடுகிறது. பாலைப் பற்றி ஒருவர் வாய்விட்டுப் பேசுவது அது தீர்ந்துபோன நேரத்தில்தான் என்று அவர்கள் கண்டுகொண்டார்கள். வரி அந்த நேரத்திலிருந்து பிறந்தது. ஆங்கில இலக்கணப்படி அது முழு வாக்கியம்கூட இல்லை. வீட்டில் கேட்கிற கேள்வி அப்படித்தான் இருக்கும்.

உங்கள் தொழிலுக்கு வருவோம். மெஷின் பழுதில் பேச்சு பிறக்கிற நேரங்கள் எத்தனை? மெஷின் நிற்கும்போது, “யாரைக் கூப்பிடலாம்?” ஆள் வந்து பார்த்ததும், “எவ்வளவு ஆகும்?” வேலை முடிந்து தொகை கேட்கும்போது, மனதுக்குள் “நிஜமாவே மாத்தினாங்களா?” பிறகு பக்கத்து வீட்டுக்காரரிடம், “பரவாயில்லை, நல்ல ஆளுங்க.” இந்த நான்கில் மூன்றாவதைக் கவனியுங்கள். அது மட்டும்தான் மனதுக்குள் நிற்கிறது. வாய்விட்டுக் கேட்கச் சங்கடம், கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்று தெரிந்துவிடும். ஆனால் எல்லோருக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது. சொல்ல ஆசையிருந்தும் சொல்ல முடியாமல் இருப்பதை விளம்பரம் சொல்லிக் கொடுத்தால் அது சட்டென்று ஒட்டிக்கொள்ளும். உங்கள் வரி அங்கேதான் இருக்கிறது.

மூன்றாவது வேலை எழுதுவது. இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு, ஒரு வசதியும் உண்டு. இரண்டையும் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சிக்கல், நாம் எழுதுகிற தமிழும் பேசுகிற தமிழும் வேறுவேறு என்பது. ‘வந்துவிடுவோம்’ என்று எழுதினால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். பேசுகிறபடி எழுதப் போனால் வந்துடுவோம், வந்துருவோம், வந்திடுவோம் என்று இடத்துக்கு ஒன்றாக நிற்கிறது. எதை எழுதினாலும் மற்றவருக்கு அது வேற்றூர் ஆள் பேசுவதுபோல் கேட்கும். ‘சொல்லிட்டாங்க’ என்பது ஒரு பகுதியில் ‘சொல்லிட்டாக’ ஆகிறது, ஈழத்துப் பேச்சில் வேறு முடிவு எடுக்கிறது. இந்த வேறுபாடுகளில் பெரும்பகுதி வினைச்சொல்லின் வாலில்தான் இருக்கிறது. பெயர்ச்சொற்களில் அவ்வளவு இல்லை. ஆகவே வழி இதுதான்: வினையின் வாலை முடிந்தவரை தவிர்த்து எழுதுவது.

வசதி என்னவென்றால், தமிழில் வினையே இல்லாமல் முழு வாக்கியம் அமையும். ‘சாவி மேசை மேலே.’ ‘அது என்னது?’ ‘இது பழசு.’ இவற்றில் ஏதும் குறையவில்லை. இப்படி அமைகிற வரியில் எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் ஒன்றாகிவிடுகின்றன. படிக்கிறவர் கண்ணால் பார்க்கும் அதே வரியை வாயால் சொல்லலாம், இடையில் மாற்ற வேண்டியதில்லை. ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற குடும்பக் கட்டுப்பாட்டு வாசகம் எழுத்து நடையில் இருந்தும் வாய்க்கு வந்ததற்கு, அதில் வினையே இல்லாததும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

வினை வேண்டும் என்றால் பேச்சில் ஏற்கனவே வார்ப்பாக இருக்கிற அமைப்புகளைப் பயன்படுத்துங்கள். ‘நேரம் தவறாமை எங்கள் பெருமை’ என்பதைச் சொல்ல ‘பத்துன்னா பத்துதான்’ என்று ஒரு வார்ப்பு தயாராக இருக்கிறது. கதவுப் பூட்டுக்கு ‘உங்கள் பாதுகாப்பே எங்கள் முன்னுரிமை’ என்று எழுதுவார்கள். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நிஜமாகக் கேட்கிற பேச்சு ‘பூட்டியாச்சா?’ ‘பூட்டியாச்சு.’ இந்த ‘ஆச்சு’ அருமையான முடிவு. யார் செய்தார் என்று சொல்லாமல் வேலை முடிந்த நிம்மதியை மட்டும் சொல்லிவிடுகிறது, நீ, நீங்க என்ற மரியாதைச் சிக்கலும் வராது. ஏணிக்கு ‘தலைமுறைகள் கடந்த உறுதி’ என்பதைவிட, கீழே நின்று பிடித்துக்கொண்டிருப்பவர் சொல்கிற ‘ஏறுங்க, தாங்கும்’ எவ்வளவு மேல். கைபேசி மின்கலத்துக்கு ‘அபாரமான ஆற்றல்’ என்று போடாமல், சார்ஜர் நீட்டுகிறவரிடம் ஒருவர் ‘சார்ஜ் நேத்தே போட்டாச்சு’ என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு நாளுக்கு மேல் நிற்கிறது என்ற செய்தி அதற்குள்ளேயே இருக்கிறது. நேற்றுப் போட்டது இன்று மாலைவரை நிற்கவில்லையானால் அந்த வரியைப் போடக்கூடாது என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நீளத்தைச் சொற்களால் எண்ணாதீர்கள். தமிழில் ஒரு சொல்லே மூச்சு முட்டுகிற அளவு நீளும். ‘வாடிக்கையாளர்களுக்காகவே’ ஒரே சொல்தான். புள்ளி வைத்த எழுத்துகளைத் தள்ளிவிட்டு மற்றதை எண்ணிப் பாருங்கள், பத்து வருகிறது. இப்படி எண்ணுவதே சரியான அளவு, ஏனென்றால் புள்ளி இல்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் வாய் ஒருமுறை திறக்கிறது. உங்கள் பழைய வாசகத்தில் பதினெட்டு இருக்கின்றன. ‘ஏறுங்க, தாங்கும்’ என்பதில் ஐந்து. பன்னிரண்டுக்குள் நிறுத்தினால் ஒரே மூச்சில் சொல்லிவிடலாம் என்பது நான் பிடித்துக்கொள்ளும் அளவு. தாண்டினால் நடுவில் ஒரு நல்ல நிறுத்தம் இருக்க வேண்டும்.

இனி உங்கள் வரி. தருணம் முடிவாகிவிட்டது: வேலை முடிந்திருக்கிறது, வீட்டுக்காரர் மனதில் கேள்வி. அந்த நேரத்தில் இருக்கிற வாய்கள் இரண்டு, வீட்டுக்காரர் வாய், உங்கள் ஆள் வாய். இரண்டுக்கும் தனித்தனியாகப் பத்துப் பதினைந்து வரிகள் எழுதுங்கள். கணினியில் வேண்டாம். சொல்லிப் பார்த்துவிட்டு, சொன்னதை எழுதுங்கள். இந்த வரிசை முக்கியம். எழுதிவிட்டுச் சொல்லிப் பார்த்தால், எழுதியதை நியாயப்படுத்துகிற மாதிரி வாய் வளைந்துகொடுக்கும்.

வீட்டுக்காரர் வாயில் முதலில் வருவது ‘மாத்தின பார்ட்டைக் காட்டுங்க.’ அதட்டலாக இருக்கிறது. ‘கழட்டினது எங்க?’ நல்ல கேள்விதான், ஆனால் கழட்டினது, கழட்டுனது, கழற்றினது என்று வால் சிக்கல் வருகிறது. பெயர்ச்சொல்லைத் தேடினால் ‘பழசு’ கிடைக்கிறது. ‘பழசு எங்கே?’ ஐந்தே எழுத்து. எந்த ஊரிலும் ஏறக்குறைய இதே வடிவம்தான். பேசுகிறபடியே எழுதிவிடலாம். அதட்டலும் இல்லை, தானாகக் கேட்கிற கேள்விபோல் இருக்கிறது. இன்னொரு நல்ல குணம், உங்களிடம் மட்டும் கேட்கிற கேள்வியல்ல இது. வேறு எவர் வந்து பழுது பார்த்தாலும் வீட்டுக்காரர் ‘பழசு எங்கே?’ என்று கேட்கலாம். அப்படிக் கேட்கும்போதெல்லாம் உங்கள் விளம்பரம் உங்கள் செலவில்லாமல் ஓடும்.

உங்கள் ஆள் வாயில் வருவது ‘நீங்க சரின்னாத்தான் மாத்துவோம்.’ உண்மை, பேச்சும்தான். ஆனால் வீட்டுக்காரர் இதை இன்னொருவரிடம் திருப்பிச் சொல்ல வேண்டுமானால் ‘நாம சரின்னாத்தான் மாத்துவாங்களாம்’ என்று மாற்ற வேண்டியிருக்கிறது. மாற்றாமல் கைமாறுகிற வரிதான் தூரம் போகும். பழசு என்று ஒரு சொல் கிடைத்துவிட்டதால் அதன் இணை ‘புதுசு’ தானாக வருகிறது. ‘புதுசு மாட்டியாச்சு, பழசு இதோ.’ நெருங்கிவிட்டோம். ‘புதுசு உள்ளே, பழசு கையிலே.’ பதினொரு எழுத்து, நடுவில் நிறுத்தம், வினையே இல்லை. உங்கள் ஆளும் சொல்லலாம், வீட்டுக்காரரும் அப்படியே பக்கத்து வீட்டில் சொல்லலாம். புதுசு, பழசு என்ற இணையும் உள்ளே, கையிலே என்ற முடிவும் காதில் நிற்கின்றன. அந்த ஓசைக்காக நாம் எதையும் திணிக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். செயலைச் சொல்லப் போய் ஓசை வந்திருக்கிறது.

இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. ஓசைதான் தமிழில் வாசகம் எழுதுகிறவர்களைக் கவிழ்க்கிறது. நம்முடைய பெருஞ்சொற்கள் எல்லாம் ஒன்றோடொன்று இயல்பாகவே இயையும். ‘தரம் நிரந்தரம்’ என்று ஒருவர் எழுதிவிட்டால், கேட்க இனிமையாக இருப்பதாலேயே அறையில் இருக்கும் அத்தனை பேரும் தலையாட்டிவிடுவார்கள். அது எந்தப் பொருளுக்கும் பொருந்தும், அதனாலேயே எந்தப் பொருளையும் நினைவூட்டாது. ஓசை நன்றாக வந்த வரியை, சொற்களை மாற்றி ஓசையைக் கெடுத்து ஒருமுறை படித்துப் பாருங்கள். ‘புதியதை உள்ளே பொருத்திவிட்டோம், பழையது உங்களிடம்’ என்று கெடுத்தாலும் செய்தி மிஞ்சுகிறது. ‘தரம் என்றும் இருக்கும்’ என்று கெடுத்தால் ஒன்றுமே மிஞ்சவில்லை. ‘செம’, ‘வேற லெவல்’ மாதிரியான புழக்கச் சொற்களையும் பேச்சு வரி என்று எண்ணிவிடாதீர்கள். அவை பேச்சிலிருந்து வந்தவைதான், ஆனால் உங்கள் தொழிலின் எந்தத் தருணத்திலிருந்தும் வந்தவையல்ல, மேலும் சீக்கிரம் பழசாகிவிடும்.

இரண்டு வரிகளில் எது? என் தேர்வு, ஸ்டிக்கரிலும் ரசீதிலும் ‘புதுசு உள்ளே, பழசு கையிலே’. காரணம், ‘பழசு எங்கே?’ தனியாக நின்றால் பழைய சாமான் வாங்குகிற கடை என்று நினைப்பார்கள். ஒலியாகவோ காட்சியாகவோ சூழல் கொடுக்க முடிகிற இடத்தில் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். வீட்டுக்காரர் ‘பழசு எங்கே?’ என்று கேட்க, ஒரு கை தேய்ந்த பெல்ட்டை நீட்டுகிற படம் போதும். அதற்குக் கீழே விளக்கம் எழுத வேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

சூழலை மறந்த வரிக்கு என்ன நேரும் என்பதற்கு 1980-களின் நடுவில் டெக்ஸாஸ் நெடுஞ்சாலைத் துறை தொடங்கிய பிரசாரத்தைப் பாருங்கள். சாலையோரம் குப்பை எறிவதைத் தடுக்க வேண்டும். சுத்தம் பேணுவோம் என்கிற பாணி, எறிகிற இளைஞர்கள் காதில் ஏறாது என்று கண்டு, அவர்களே மார்தட்டிச் சொல்லும் தொனியில் ‘டோன்ட் மெஸ் வித் டெக்ஸாஸ்’ என்று வைத்தார்கள். ‘டெக்ஸாஸ்கிட்ட வெச்சுக்காதே’ என்பதுபோல. பிரமாதமாக ஓடியது. கார் ஸ்டிக்கரில், சட்டையில், பேச்சில் எல்லாம் வந்தது. ஆனால் குப்பை என்ற சொல் அதில் இல்லாததால், அது குப்பைக்கான வாசகம் என்றே தெரியாமல் ஊர்ப் பெருமைக்காகச் சொல்பவர்கள் இன்று ஏராளம். வாய்க்கு வருகிற வரி கைவிட்டும் போகும். உங்கள் வரியில் ‘பழசு’ என்ற சொல் இருக்கிறவரை அந்த அபாயம் குறைவு. அதை யாரும் மாற்ற விடாதீர்கள்.

இனி சோதனை. வரியை எழுத்தில் காட்டக் கூடாது. தொழிலுக்குச் சம்பந்தமில்லாத ஐந்தாறு பேரிடம், முடிந்தால் வெவ்வேறு பேச்சு வழக்குள்ளவர்களிடம், தொலைபேசியில் ஒரே ஒருமுறை சொல்லுங்கள். வேறு விஷயம் பேசி முடித்துவிட்டு, மறுநாள் கூப்பிட்டு, “நேத்து ஒரு வரி சொன்னேனே, என்னது?” என்று கேளுங்கள். அவர்கள் தப்பாகச் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். மூன்று பேர் ஒரே மாதிரி தப்பாகச் சொன்னால் அவர்கள் சொன்னதுதான் சரியான வரி. ‘பழசு கையில, புதுசு உள்ள’ என்று வரிசை மாற்றிச் சொன்னால் அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். ‘பழசு’ மட்டும் நினைவிருந்து மற்றது போய்விட்டால் முதல் பாதி வலுவில்லை என்று அர்த்தம். “அது என்ன வேலைக்கு?” என்றும் கேளுங்கள். ‘கேஸ் அடுப்பு’, ‘பேன் ரிப்பேர்’ என்று வந்தால் பரவாயில்லை, பழுது பார்ப்பது என்ற எல்லைக்குள் இருக்கிறார்கள். பெயரும் படமும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ‘துணி வாங்கினா பழசு எடுத்துக்குவாங்களா?’ என்று வந்தால் வரி தனியாக நிற்காது.

அடுத்தது கோபச் சோதனை. வாடிக்கையாளர் உங்கள் மீது கோபமாக இருக்கும்போது இந்த வரியையே உங்கள் மேல் திருப்பி எறிய முடியுமா? “புதுசு உள்ளே, பழசு கையிலேன்னு போட்டிருக்கீங்களே, எங்க என் பழசு?” எறிய முடிகிறது. பலர் இதைக் கண்டு பயந்து வரியைக் கைவிட்டுவிடுவார்கள். எறிய முடிவதுதான் அது எதையோ சொல்கிறது என்பதற்கு அடையாளம். பிரிட்டனில் ரான்சீல் என்ற மர வண்ணப் பூச்சுக்கு 1994-ல் வந்த வரி, டப்பாவில் என்ன போட்டிருக்கிறதோ அதையே செய்யும் என்பது. பொருள் ஏமாற்றியிருந்தால் முதல் அடி அந்த வரியாலேயே விழுந்திருக்கும். ஏமாற்றவில்லை. இன்று சொன்னபடி நடக்கிற எதைப் பற்றியும் பேசும்போது அங்கே ஜனங்கள் அந்தச் சொற்களையே பயன்படுத்துகிறார்கள். ‘உயர்தர மரப் பாதுகாப்பு’ என்று போட்டிருந்தால் யாரும் எறிந்திருக்கவும் மாட்டார்கள், எடுத்துப் பேசியிருக்கவும் மாட்டார்கள்.

ஆகவே வரி அச்சுக்குப் போகும் முன் வேலை முறை அதற்கு ஈடாக இருக்க வேண்டும். ட்ரெயின் பம்ப், இன்லெட் வால்வ், பெல்ட் போன்றவற்றைக் கொடுத்துவிட்டு வருவதில் தடையில்லை. எலக்ட்ரானிக் போர்டு அப்படியல்ல. பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதியது என்ற நிபந்தனையில் வாங்கியிருந்தாலோ, உத்தரவாதத்தில் மாற்றியிருந்தாலோ அதைத் தயாரிப்பாளருக்கே அனுப்ப வேண்டி வரலாம். அப்போது வீட்டுக்காரர் கையில் கொடுத்துக் காட்டிவிட்டு, திரும்ப எடுத்துப் போவதற்கு ரசீதில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். ‘கையிலே’ என்று சொன்னது பொய்யாகாது. பாகமே மாற்றாமல் அடைப்பை மட்டும் எடுத்த வேலையில் பழசு என்று ஒன்றும் இருக்காது. அங்கே உங்கள் ஆள் தானாகவே “மாத்தறதுக்கு ஒண்ணும் இல்லீங்க, அடைப்புதான்” என்று சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வீட்டுக்காரர் பழசைத் தேடுவார். பெரிய நிறுவனமாகி ஆட்கள் கூடும்போது முதலில் தளர்வது இந்த இடம்தான். பழைய பாகம் கொடுத்ததற்கு ரசீதிலேயே ஒரு கட்டம் வைத்து, வீட்டுக்காரரைக் குறியிடச் சொல்லுங்கள். கட்டத்தின் பக்கத்தில் ‘பழசு கையிலே’ என்றே அச்சடித்தால் வரி ஒவ்வொரு வேலையிலும் ஒருமுறை படிக்கப்படும்.

அச்சுக்குக் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. பிழை திருத்துகிறவர் ‘புதியது உள்ளே, பழையது கையில்’ என்று மாற்றித் தருவார். அவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறார், அவர் மேல் குற்றமில்லை. கோப்புடன் ‘எழுத்து இப்படியேதான், திருத்த வேண்டாம்’ என்று குறிப்பு வைத்து அனுப்புங்கள். ‘முதல்லயே சொல்லிடுவோம்’ என்று தொகை விஷயத்தையும் அதே வரியில் ஒட்டச் சொல்லி யாராவது கேட்பார்கள். அது நல்ல விஷயம்தான், அதற்குத் தனி இடம் கொடுங்கள். உங்கள் ஆள் மெஷினைப் பார்த்து முடித்ததும் வாயால் சொல்ல வேண்டிய வாக்கியம் அது: “இவ்வளவு ஆகும், மாத்தலாமா?” அச்சடிக்கத் தேவையே இல்லை.